115 மாதத்தில் பணம் இரட்டிப்பு: 72 விதியைக் கையால் போட்டுப் பார்ப்போம்

அஞ்சலகத்தில் கிசான் விகாஸ் பத்திரம் என்று ஒரு சேமிப்புத் திட்டம் உண்டு. போட்ட பணம் இத்தனை மாதத்தில் இரண்டு மடங்காகும் என்பதுதான் அதன் ஒரே வாக்குறுதி. 2023 ஏப்ரலில் அந்தக் காலம் 115 மாதம் என்றும், வட்டி ஆண்டுக்கு 7.5 சதவீதம் என்றும் அரசு நிர்ணயித்தது. 1,000 ரூபாய் போட்டால் ஒன்பது வருடம் ஏழு மாதம் கழித்து 2,000 ரூபாய் கிடைக்கும்.

120 என்று முழுசாக வைக்காமல் அதென்ன 115? 72-ஐ 7.5-ஆல் வகுத்துப் பாருங்கள். 9.6 வரும். அத்தனை வருடம். 12-ஆல் பெருக்கினால் 115.2 மாதம். அஞ்சலகம் சொல்லும் விடையை ஒரு வகுத்தலில் பிடித்துவிட்டோம். இதற்குப் பெயர் 72 விதி. எட்டாம் வகுப்புக் கூட்டு வட்டிக் கணக்கு தெரிந்த யாரும் இதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் விதியை மட்டும் மனப்பாடம் செய்தால் எங்கே அது பொய் சொல்கிறது என்று தெரியாமல் போகும். அதனால் முதலில் கூட்டு வட்டியை ஒருமுறை கையால் போட்டுவிடுவோம்.

முதல் வேலை: வருடா வருடம் எழுதுங்கள்

ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் 1,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 8 சதவீதம். வட்டியைக் கையில் வாங்காமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போகிறோம். ஒவ்வொரு வருடமும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இருக்கும் தொகையை 1.08-ஆல் பெருக்க வேண்டும்.

- 1-ஆம் வருட முடிவில்: 1,080.00
- 2: 1,166.40
- 3: 1,259.71
- 4: 1,360.49
- 5: 1,469.33
- 6: 1,586.87
- 7: 1,713.82
- 8: 1,850.93
- 9: 1,999.00

ஒன்பதாம் வருடம் இரண்டாயிரத்துக்கு ஒரு ரூபாய்தான் குறைச்சல். 72-ஐ 8-ஆல் வகுத்தாலும் ஒன்பதுதான்.

இப்போது பட்டியலை மறுபடி பாருங்கள். முதல் வருட வட்டி 80 ரூபாய். ஒன்பதாம் வருட வட்டி 148 ரூபாய் 7 காசு. அசலில் நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கூட்டவில்லை, வட்டி வீதமும் மாறவில்லை. கூடுதலாக வந்த அந்த 68 ரூபாய், முன்பு வந்த வட்டி சம்பாதித்துக் கொடுத்த வட்டி. 'வட்டி குட்டி போடும்' என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

தனி வட்டியாக இருந்திருந்தால் வருடத்துக்கு 80 வீதம் ஒன்பது வருடத்தில் 720 ரூபாய் வந்திருக்கும். நமக்கு வந்தது 999. வித்தியாசம் 279. இந்த 279-ஐ ஓரமாகக் குறித்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

வருடத்தை எழுதிக்கொண்டே போகப் பொறுமையில்லை என்றால் எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்ற எந்த விரிதாளிலும் ஒரு கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=1000*1.08^9
```

கடைசி எண்ணை மட்டும் மாற்றினால் எந்த வருடத்துத் தொகையும் வரும். பாடப்புத்தகத்தில் உள்ள A = P(1 + r/100)^n என்ற சூத்திரமேதான் இது, வேறொன்றுமில்லை.

இரண்டாவது வேலை: 72-ஐ வகுங்கள்

விதி இவ்வளவுதான்: இரட்டிப்பாக ஆகும் வருடம் = 72 ÷ ஆண்டு வட்டி வீதம். 4 சதவீதம் தரும் சேமிப்புக் கணக்கில் 18 வருடம். 6 சதவீதத்தில் 12 வருடம். 9 சதவீதத்தில் 8 வருடம்.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 8 சதவீதம் என்றால் 0.08 என்று வகுப்பில் எழுதிப் பழகிய கை, 72-ஐ 0.08-ஆல் வகுத்துவிடும். விடை 900 வருடம்! இந்த விதிக்கு 8 என்ற எண்ணை அப்படியே போட வேண்டும். இன்னொன்று, வட்டி மாதக் கணக்கில் சொல்லப்பட்டிருந்தால் விடையும் மாதக் கணக்கில்தான் வரும்.

அந்த 72 எங்கிருந்து வந்தது? இத்தாலியைச் சேர்ந்த லூக்கா பச்சோலி என்ற துறவி 1494-இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் இந்த விதியை எழுதியிருக்கிறார். ஏன் 72 என்று அவர் விளக்கவில்லை. நாம் சோதித்தே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு வட்டி வீதத்துக்கும், இரட்டிப்பாகச் சரியாக எத்தனை வருடம் ஆகிறது என்று விரிதாளில் பார்த்து, அந்த வருடத்தை வட்டி வீதத்தால் பெருக்குங்கள். 2 சதவீதத்துக்குப் பெருக்குத்தொகை 70 வரும். 6-க்கு 71.4. 8-க்கு 72.05. 12-க்கு 73.4. 20-க்கு 76. அதாவது எல்லா வீதத்துக்கும் பொருந்தும் ஒற்றை எண் கிடையாது. நாம் அன்றாடம் சந்திக்கும் வட்டிகள் பெரும்பாலும் 5-க்கும் 12-க்கும் நடுவே இருப்பதால் 72 நன்றாகப் பொருந்துகிறது. போதாக்குறைக்கு 2, 3, 4, 6, 8, 9, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும் எண் அது. மனக்கணக்குக்கு இதைவிடத் தோதான எண் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 2-இன் இயல் மடக்கை 0.693 என்பதிலிருந்து தொடங்கினால் 69.3 என்ற எண் வந்து நிற்கும். நொடிக்கு நொடி வட்டி சேரும் கணக்குக்கு அதுதான் சரி. வருடத்துக்கு ஒருமுறை சேர்வதால் எண் கொஞ்சம் மேலே ஏறுகிறது.

வீதம் பெரிதாகப் பெரிதாக விதி தடுமாறும் என்பதையும் இதிலிருந்தே பார்க்கலாம். 100 சதவீத வட்டி என்றால் சரியாக ஒரு வருடத்தில் இரட்டிப்பு. யாருக்கும் கணக்கே வேண்டாம். ஆனால் விதி 0.72 வருடம் என்று சொல்லும், அதாவது ஒன்பது மாதத்துக்கும் குறைவு. இதைச் சரிக்கட்ட ஒரு சின்ன உபாயம்: 8-இலிருந்து மூன்று சதவீதம் மேலே போகும் ஒவ்வொரு முறையும் 72-உடன் ஒன்றைக் கூட்டுங்கள், கீழே இறங்கினால் ஒன்றைக் கழியுங்கள். 20 சதவீதம் என்பது 8-ஐவிட 12 அதிகம், ஆகவே 72-க்குப் பதில் 76. மேலே நாம் கண்ட எண்ணும் அதுவே.

மூன்றாவது வேலை: சுற்றுகளை எண்ணுங்கள்

ஒருமுறை இரட்டிப்பாவது பெரிய சங்கதி இல்லை. பல பத்தாண்டுகள் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இந்த விதியை முக்கியமாகப் பயன்படுத்த வேண்டும்.

இருக்கும் மொத்த வருடங்களை, ஒரு இரட்டிப்புக்கு ஆகும் வருடங்களால் வகுத்தால் எத்தனை சுற்று என்று தெரியும். 8 சதவீதத்தில் 36 வருடம் என்றால் 36 ÷ 9 = 4 சுற்று. நான்கு சுற்று என்றதும் "4 × 2, எட்டு மடங்கு" என்று பலர் சொல்லிவிடுவார்கள். அது தப்பு. 2, 4, 8, 16 என்று விரல் மடக்கி எண்ணுங்கள். பதினாறு மடங்கு. 1,000 ரூபாய் 16,000 ஆகும். கால்குலேட்டர் சொல்லும் துல்லியமான தொகை 15,968.

ஓரமாகக் குறித்து வைத்த 279 இப்போது வேண்டும். ஒன்பது வருடத்தில் வட்டி போட்ட குட்டி 279 ரூபாய்தான். தனி வட்டியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. 36 வருடத்தில்? அசல் 1,000. தனி வட்டியாகக் கிடைத்திருக்கக்கூடியது 80 × 36 = 2,880. இரண்டும் சேர்ந்தால் 3,880. மீதி 12,088 ரூபாயும் வட்டிக்கு வந்த வட்டி. காலம் நாலு மடங்கு ஆனபோது குட்டி நாற்பது மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. கூட்டு வட்டியைப் பற்றிச் சில வருடக் கணக்கை வைத்து முடிவு கட்டினால் அதில் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும்.

சுற்று மீதியில்லாமல் வராவிட்டால் பயப்பட வேண்டாம். 40 வருடம் என்றால் 36 வருடத்துக்கு நான்கு சுற்று போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் நான்கு வருடத்துக்கு 1.08-ஆல் நான்கு முறை பெருக்குங்கள். 16 மடங்கு என்பது கிட்டத்தட்ட 21.7 மடங்கு ஆகும்.

இப்போது ஓர் அக்காவையும் தம்பியையும் எடுத்துக்கொள்வோம். அக்கா தன் 15 வயதில் 10,000 ரூபாயை 8 சதவீதத்தில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறாள். 24 வயதில் அது 20,000. 33-இல் 40,000. 42-இல் 80,000. 51-இல் 1,60,000. அறுபதாவது வயதில் 3,20,000.

தம்பி அதே 10,000 ரூபாயைத் தன் 24 வயதில் போடுகிறான். அவனுக்கு 60 வயதாகும்போது 1,60,000 ரூபாய் இருக்கும். ஒன்பது வருடம் தாமதித்ததால் அவனுக்கு என்ன நட்டம் என்று கேட்டால், "முதல் ஒன்பது வருட வட்டி போச்சு, பத்தாயிரம் ரூபாய்" என்று சொல்லத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். அவன் இழந்தது 1,60,000. தாமதிக்கிறவன் இழப்பது முதல் சுற்றை இல்லை, கடைசிச் சுற்றை. முதல் சுற்றில் பத்தாயிரம்தான் சேரும்; கடைசிச் சுற்றில் அதுவரை சேர்ந்தது அத்தனையும் இன்னொரு மடங்காக வரும். அக்காவின் 3,20,000-இல் பாதி 51 வயதுக்கும் 60 வயதுக்கும் நடுவில் மட்டும் சேர்ந்த பணம்.

தம்பி ஈடுகட்டலாம். அக்காவைப் பிடிக்க 24 வயதில் அவன் 20,000 போட வேண்டும். 33 வயதுவரை தள்ளிப்போட்டால் 40,000. 42-இல் ஆரம்பித்தால் 80,000. தள்ளிப்போடும் ஒவ்வொரு சுற்றுக்கும் விலை இரண்டு மடங்காகிறது.

ஆனால் இந்தக் கணக்கு மொத்தமாக ஒரே தடவை போட்ட பணத்துக்குத்தான். மாதம் 500 ரூபாய் என்று ஆர்.டி. கட்டினால், முதல் மாதம் கட்டிய 500-க்கு ஒரு கடிகாரம், அடுத்த மாத 500-க்கு வேறொரு கடிகாரம் என்று தனித்தனியாக ஓடும். கட்டிய மொத்தத்தை எடுத்து 72 விதியில் போட்டால் உண்மையைவிட அதிகமாகத்தான் விடை வரும். அதேபோல வட்டியை மாதாமாதம் கையில் வாங்கும் திட்டங்களிலும் இந்த விதி செல்லாது. அஞ்சலக மாத வருமானத் திட்டம் அப்படிப்பட்டது. வட்டியை வெளியே எடுத்துவிட்டால் குட்டி போட என்ன இருக்கிறது? அசல் அசலாகவே நிற்கும்.

விதியின் சிறு பிழையும் சுற்றுக்குச் சுற்று வளரும் என்பதையும் மறக்கக் கூடாது. 12 சதவீதத்தில் 36 வருடத்துக்கு ஆறு சுற்று, 64 மடங்கு என்று விதி சொல்லும். சரியான விடை சுமார் 59 மடங்கு. ஒரு சுற்றில் சில வாரப் பிசகு, ஆறு சுற்றில் ஐந்து மடங்குப் பிசகாகிவிட்டது. மனக்கணக்கில் திசை தெரிந்துகொள்ள விதி. கையெழுத்துப் போடும் முன் கால்குலேட்டர்.

வட்டி வீதம் அப்படியே நிற்குமா?

நிற்காது. இதைக் கிசான் விகாஸ் பத்திரத்தின் சொந்தக் கதையே சொல்லும். 1988-இல் அது தொடங்கியபோது ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பு. வீட்டில் தாத்தா பாட்டியைக் கேளுங்கள், நினைவில் இருக்கலாம். விதியைத் திருப்பிப் போட்டு 72-ஐ 5.5-ஆல் வகுத்தால் 13.1 சதவீதம் வருகிறது (துல்லியமாக 13.43). 2011-இல் திட்டத்தை நிறுத்தினார்கள். 2014-இல் மறுபடி கொண்டுவந்தபோது 100 மாதம். 2020 ஏப்ரலில் 124 மாதம். பிறகு 2023-இல் 115. நீங்கள் வாங்கிய நாளில் இருந்த வீதம் அந்தப் பத்திரம் முதிரும்வரை மாறாது என்பது நல்ல விஷயம். ஆனால் அடுத்த சுற்றுக்கு அன்றைய வீதம்தான். பணமும் தானாக அடுத்த சுற்றுக்குப் போகாது, முதிர்ந்ததும் எடுத்து மறுபடி போட வேண்டும். வட்டிக்கு வருமான வரியும் உண்டு. ஆகவே அக்கா 45 வருடமும் 8 சதவீதமே வாங்கினாள் என்று நாம் வைத்துக்கொண்டது கணக்குக்காக மட்டும்.

நான்காவது வேலை: விலைவாசிக்கும் இதே கணக்கு

விலையும் கூட்டு வட்டியில்தான் ஏறுகிறது. இந்த வருட ஏற்றம் போன வருட ஏற்றத்தின் மேல்தானே உட்காருகிறது! இந்திய ரிசர்வ் வங்கிக்கு வைக்கப்பட்ட பணவீக்க இலக்கு 4 சதவீதம். மேலும் கீழும் 2 சதவீதம் போகலாம். மேல் எல்லையான 6 சதவீதத்தையே எடுத்துக்கொண்டால், 72 ÷ 6 = 12. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை விலை இரட்டிப்பாகும்.

36 வருடத்தில் விலைவாசிக்கு மூன்று சுற்று: 2, 4, 8. இன்று 60 ரூபாய்க்கு விற்கும் தோசை அன்று 480 ரூபாய். அதே 36 வருடத்தில் 8 சதவீதப் பணத்துக்கு நான்கு சுற்று, 16 மடங்கு. பணம் 16 மடங்கு, தோசை 8 மடங்கு. ஆகப் பதினாறாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய ஆயிரம் ரூபாய் வாங்கும் தோசையைப் போல இரண்டு மடங்குதான் வாங்க முடியும். குறுக்கு வழி: வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழியுங்கள். 8 − 6 = 2. 72 ÷ 2 = 36 வருடத்தில் உண்மையான இரட்டிப்பு. இரண்டு வழியிலும் ஒரே விடை.

4 சதவீதச் சேமிப்புக் கணக்கில் இதைப் போட்டுப் பார்த்தால் கழித்தல் குறியோடு விடை வரும். −2 சதவீதம். அங்கே 36 வருடத்தில் பாதியாவது பணத்தின் வாங்கும் சக்தி. பாஸ்புக்கில் எண் ஏறிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் இது கண்ணில் படுவதில்லை.

ஐந்தாவது வேலை: கடனுக்குத் திருப்புங்கள்

"மூணு வட்டி" என்று ஊரில் சொன்னால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். கேட்கச் சின்னதாக இருக்கும். வட்டியைக் கட்டாமல் விட்டு அதையும் அசலோடு சேர்த்தால் 72 ÷ 3 = 24. இருபத்து நான்கு மாதத்தில் கடன் இரண்டு மடங்கு. நான்கு வருடத்தில் நாலு மடங்கு. மாதாமாதம் வட்டியை ஒழுங்காகக் கட்டிவந்தால் அசல் ஏறாது. ஆனால் மூன்று வருடம் முடிவதற்குள் வாங்கிய தொகைக்கு மேலேயே வட்டியாகக் கட்டியிருப்பீர்கள், அசல் அப்படியே இருக்கும்.

கடன் அட்டையில் பாக்கி வைத்தாலும் இதே கதைதான். மாதம் 3.5 சதவீதம் போடும் அட்டையில் 72 ÷ 3.5, அதாவது இருபது மாதம் சொச்சம்.

ஆறாவது வேலை: விளம்பரத்தைச் சோதியுங்கள்

விதியைத் தலைகீழாகவும் போடலாம் என்று மேலே பார்த்தோம்: வட்டி வீதம் = 72 ÷ இரட்டிப்பு வருடம். யாராவது "மூன்று வருடத்தில் இரட்டிப்பு" என்று சொன்னால் 24 சதவீதம் தருவதாகச் சொல்கிறார்கள் என்று பொருள். அதே சமயத்தில் வங்கி வைப்புக்கு என்ன வட்டி, அஞ்சலகத்தில் என்ன வட்டி என்று பாருங்கள். மூன்று மடங்கு வித்தியாசம் இருந்தால், அந்தப் பணத்தை வாங்கி என்ன தொழில் செய்து 24 சதவீதத்துக்கு மேல் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் போட்ட பணம்தான் முன்னால் வந்தவர்களுக்கு வட்டியாகப் போகும். தமிழ்நாட்டில் இப்படி நிதி நிறுவனங்களில் போட்டு ஏமாந்தவர்களுக்காகவே 1997-இல் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

"பத்து மாதத்தில் இரட்டிப்பு" என்று ஒரு வாட்சாப் செய்தி வந்தால்? 72 ÷ 10 = 7.2. அது மாதத்துக்கு. அதே வீதத்தில் ஐம்பது மாதம் விட்டால் ஐந்து சுற்று, 32 மடங்கு. நூறு மாதத்தில் பத்து சுற்று, 1,024 மடங்கு. ஒரு லட்சம் போட்டவருக்குப் பத்துக் கோடிக்கு மேல். இது உண்மையானால் செய்தி அனுப்பியவர் உங்கள் பணத்துக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

போட்டுப் பாருங்கள்

ஒன்று: 9 சதவீத வட்டியில் 40 வருடம். 5,000 ரூபாய் எவ்வளவு ஆகும்? இரண்டு: ஒருவரின் பணம் 24 வருடத்தில் 8 மடங்கு ஆனது. வட்டி என்ன? மூன்று: பணவீக்கம் 6 சதவீதம், உங்கள் வைப்புக்கு வட்டி 6 சதவீதம். வாங்கும் சக்தி எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும்?

முதல் கணக்கில் 72 ÷ 9 = 8 வருடத்துக்கு ஒரு சுற்று, ஐந்து சுற்று, 32 மடங்கு, 1,60,000 ரூபாய். இரண்டாவதில் 8 மடங்கு என்பது மூன்று சுற்று. சுற்றுக்கு 8 வருடம். ஆக 9 சதவீதம். மூன்றாவதில் 72-ஐப் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டி வரும். வகுக்க முடியாது, இரட்டிப்பே கிடையாது.